விக்ஸ் 14, நிஃப்டி ஆடியது 11: நடுவில் உள்ள மூன்று புள்ளி யாருக்குப் போகிறது?

ஆப்ஷன் பக்கம் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் ஒரு பேச்சு உண்டு: “வாங்குகிறவன் தோற்பான், விற்கிறவன் சம்பாதிப்பான்.” சொல்கிறவர் இதற்குக் காரணமாக, ஆப்ஷன் விலையில் மறைந்திருக்கும் ஏற்ற இறக்கம், அதாவது ஐவி, உண்மையில் நடக்கும் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பார். அது உண்மைதான். அமெரிக்காவில் எஸ்&பி 500 குறியீட்டுக்கு 1990 முதல் உள்ள கணக்கைப் பார்த்தால், அந்த மறைந்திருக்கும் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் எண்ணான விக்ஸின் சராசரி 19, 20 அருகே வருகிறது. குறியீடு நிஜமாக ஆடியது அதைவிடச் சராசரியாக மூன்று, நான்கு புள்ளி குறைவு. இந்த இடைவெளிக்குத்தான் வாலட்டிலிட்டி ரிஸ்க் பிரீமியம் என்று பெயர்.

ஆனால் இடைவெளி இருக்கிறது என்பதும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்பதும் ஒன்றல்ல. அந்த மூன்று புள்ளியை நிஃப்டியை வைத்து நீங்களே எப்படி அளப்பது, அது எப்படிப் பணமாக மாறுகிறது, எந்த நாளில் திரும்பிக் கடிக்கிறது, கடைசியில் யார் கையில் சேர்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். கால், புட், ஸ்ட்ரைக், எக்ஸ்பைரி என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் விக்ஸைப் படியுங்கள்

தேசிய பங்குச் சந்தை 2008 முதல் இந்தியா விக்ஸை வெளியிடுகிறது. நிஃப்டி ஆப்ஷன்களுக்கு வாங்குகிறவர் கேட்கும் விலை, விற்கிறவர் சொல்லும் விலை இரண்டையும் எடுத்து, அடுத்த 30 நாளில் நிஃப்டி எவ்வளவு ஆடும் என்று சந்தை விலை வைத்திருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்கிறது. அந்த எண் வருடக் கணக்கில் சொல்லப்படும் சதவீதம். அதனால் 14 என்று பார்த்தவுடன் மனதில் எதுவும் பதியாது.

அதை நாள் கணக்குக்குக் கொண்டுவர 16-ஆல் வகுங்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் 16-க்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான் காரணம். 14-ஐ 16-ஆல் வகுத்தால் 0.88 சதவீதம். நிஃப்டி 25,000-இல் இருந்தால் இது ஏறக்குறைய 220 புள்ளி. நாளுக்கு 220 புள்ளி என்ற அளவிலான ஆட்டத்துக்குச் சந்தை விலை போட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சில நாள் 60 புள்ளி நகரும், சில நாள் 400 நகரும். வர்க்கச் சராசரியாகப் பார்த்தால் 220. இந்த 220 பின்னால் பலமுறை வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நிஜமாக ஆடியதைக் கணக்கிடுங்கள்

ரியலைஸ்டு வாலட்டிலிட்டி என்பது நடந்து முடிந்த ஆட்டம். ஒவ்வொரு நாளின் முடிவு விலையையும் முந்தைய நாளோடு ஒப்பிட்டுச் சதவீத மாற்றத்தை எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்து 16-ஆல் பெருக்கினால் வந்துவிடும்.

இங்கேதான் புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள். இன்றைய விக்ஸைக் கடந்த ஒரு மாத ஆட்டத்தோடு ஒப்பிட்டு, “ஐவி அதிகமாக இருக்கிறது, விற்கலாம்” என்று முடிவு செய்கிறார்கள். விக்ஸ் வருகிற மாதத்துக்கான விலை. அதை வருகிற மாதத்தில் நடந்ததோடுதான் ஒப்பிட வேண்டும். அதாவது இன்று 14 என்று குறித்து வைத்து, 21 வர்த்தக நாள் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கழிக்க வேண்டும். பழைய தரவு இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. நிஃப்டி, இந்தியா விக்ஸ் இரண்டின் தினசரி முடிவு விலையும் என்எஸ்இ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டால் இந்தச் சில வரிகள் போதும்:

```python
import numpy as np, pandas as pd

d = pd.read_csv("nifty_vix.csv", parse_dates=["Date"]).sort_values("Date")
r = np.log(d["Nifty"]).diff()
past = np.sqrt((r**2).rolling(21).mean() * 252) * 100
d["rv_next"] = past.shift(-21)
d["gap"] = d["VIX"] - d["rv_next"]
print(d["gap"].describe())
```

`shift(-21)` உள்ள வரிதான் உயிர்நாடி. அது அடுத்த 21 நாளின் ஆட்டத்தை இன்றைய விக்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அதை விட்டுவிட்டால் படம் அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் அளந்தது வேறு எதையோ.

`gap` நெடுவரிசையை ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் கோடு பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே சோம்பலாக ஊர்ந்துகொண்டிருக்கும். எப்போதாவது ஒரு இடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் கீழே போகும். 2020 மார்ச்சைத் தேடுங்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மட்டும் நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. பிப்ரவரி கடைசியில் அமைதியான விலைக்கு ஆப்ஷன் விற்றவருக்கு அந்தக் கிணற்றின் ஆழம் தெரியும்.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். வருடத்துக்கு 250 வரிசை கிடைக்கிறது என்பதால் 250 சாட்சி இருப்பதாக நினைக்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு நாட்களின் 21 நாள் சாளரத்தில் 20 நாள் பொதுவானது. உண்மையில் தனித்தனியான சாட்சி வருடத்துக்குப் பன்னிரண்டுதான். ஐந்து வருடத் தரவை வைத்து “85 சதவீத நேரம் விற்றவனே ஜெயித்தான்” என்று யாராவது சொன்னால், அவர் கையில் இருப்பது அறுபது மாதங்கள் மட்டுமே. அந்த அறுபதில் ஒரு பெரிய சரிவு இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே சராசரி மாறிவிடும்.

3. இடைவெளி பணமாக மாறும் விதம்

இப்போது ஒரு மாதத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்தவை. நிஃப்டி 25,000, ஐவி 14, எக்ஸ்பைரிக்கு 30 நாள், லாட் 75. (லாட் அளவை அவ்வப்போது மாற்றுவார்கள், உங்கள் திரையில் இருப்பதைப் பாருங்கள்.) 25,000 ஸ்ட்ரைக்கில் ஒரு காலும் ஒரு புட்டும் சேர்த்து விற்கிறீர்கள். இதுதான் ஸ்ட்ராடில். கையில் வருவது ஏறக்குறைய 800 புள்ளி, அதாவது 60,000 ரூபாய்.

நிஃப்டி அந்த மாதம் 11 அளவுக்குத்தான் ஆடப்போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஸ்ட்ராடிலின் நியாயமான விலை 630 புள்ளிக்குப் பக்கத்தில் வரும். 800-க்கு விற்றதில் 170 புள்ளி கூடுதல். ஒரு லாட்டுக்குச் சுமார் 12,800 ரூபாய். மூன்று புள்ளி இடைவெளியின் ரூபாய் உருவம் இதுதான்.

ஆனால் விற்றுவிட்டுச் சும்மா இருந்தால் இந்த 170 வந்து சேராது. நிஃப்டி தினமும் அமைதியாக, ஒரே பக்கமாக, நாளுக்கு 70 புள்ளி ஏறிக்கொண்டே போனால் 21 நாளில் 1,470 புள்ளி மேலே போயிருக்கும். ஆட்டம் மிகக் குறைவு, நீங்கள் கணித்தது சரி, ஆனாலும் 670 புள்ளி நஷ்டம். அப்படிச் சும்மா விற்று வைத்திருப்பவர் பந்தயம் கட்டுவது பெரிதும் நிஃப்டி எங்கே போய் நிற்கும் என்பதன்மேல். எவ்வளவு ஆடும் என்பதன்மேல் மட்டும் பந்தயம் வேண்டுமானால் திசையை அகற்ற வேண்டும். நிஃப்டி ஏறினால் ஏறிய அளவுக்கு ஃபியூச்சர்ஸ் வாங்கி, இறங்கினால் விற்று, ஒவ்வொரு நாள் முடிவிலும், நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் உங்கள் கணக்கு எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் டெல்டாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர்தான் ஹெட்ஜ். பெரிய நிறுவனங்கள் இதை நாள் முழுக்கச் செய்கின்றன.

அப்படி ஹெட்ஜ் செய்தால் ஒவ்வொரு நாளின் கணக்கும் எளிமையாகிவிடும். காலம் கழிவதால் ஸ்ட்ராடில் நாளுக்கு ஏறக்குறைய 19 புள்ளி தேய்கிறது. அது உங்களுக்கு வருமானம். நிஃப்டி நகர்ந்தால் ஹெட்ஜைச் சரிசெய்வதில் நஷ்டம். அந்த நஷ்டம் நகர்வின் வர்க்கத்தில் வளரும்.

```
நாள் லாபம் = 19 × (1 − (நகர்வு ÷ 220)²)
```

220 புள்ளி நகர்ந்த நாளில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 100 புள்ளி நகர்ந்த நாளில் 15 புள்ளி லாபம். 440 நகர்ந்தால்? இரண்டு மடங்கு நகர்வு, வர்க்கத்தில் நான்கு மடங்கு. 57 புள்ளி நஷ்டம், அதாவது மூன்று நாள் தேய்மானம் போய்விட்டது. நகர்வு எவ்வளவு சிறியதானாலும் ஒரு நாளில் 19-க்கு மேல் வராது. போவதற்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. (இந்தச் சூத்திரம் ஸ்ட்ரைக் எப்போதும் விலைக்குப் பக்கத்திலேயே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் விலை தள்ளிப்போகப் போகத் தேய்மானமும் வர்க்க நஷ்டமும் இரண்டுமே குறையும். கணக்கின் போக்கு மாறாது.)

ஒரு மாதம் இப்படிப் போகிறது என்று வையுங்கள்: 18 நாள் தலா 120 புள்ளி நகர்வு, 3 நாள் தலா 400. அமைதியான நாட்களில் 240 புள்ளி வருகிறது, அந்த மூன்று நாளில் 131 போகிறது. மிச்சம் 109. அந்த மாதத்தின் ரியலைஸ்டு வாலட்டிலிட்டியைக் கணக்கிட்டால் 11.9 வரும். 14-க்கு விற்று 11.9 நடந்திருக்கிறது, லாபம் சரியாகத்தான் வந்திருக்கிறது.

இப்போது அந்த மாதத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் மாற்றுங்கள். 400 நகர்ந்த ஒரு நாள் 900 புள்ளி நகர்ந்துவிட்டது, 3.6 சதவீதம். மற்ற இருபது நாளும் அப்படியே. ரியலைஸ்டு வாலட்டிலிட்டி 16.3 ஆகிவிடும். 109 புள்ளி லாபம் 146 புள்ளி நஷ்டமாக மாறிவிடும். வாலட்டிலிட்டி என்பது மாதம் முழுக்கப் பரவலாக நடப்பதுபோல் ஒரு எண்ணாகச் சொல்லப்படுகிறது. பணக்கணக்கில் அதைத் தீர்மானிப்பது ஓரிரு நாட்கள்.

4. 2024 ஜூன் மாதத்தில் நடந்தது

கற்பனை எண் போதும், நடந்ததைப் பார்ப்போம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன், ஏப்ரல் கடைசியில் இந்தியா விக்ஸ் 10, 11 என்று படுத்திருந்தது. மே நடுவில் 20 அருகே வந்துவிட்டது. அப்போது நிஃப்டி பெரிதாக ஆடவில்லை. கடந்த மாத ஆட்டத்தோடு ஒப்பிட்டவர்களுக்கு 20 என்பது இரட்டிப்பு விலையாகத் தெரிந்தது. “முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதானே, விற்று வைக்கலாம்” என்ற பேச்சு எங்கும் கேட்டது.

ஜூன் 3, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு வெளியானபின் முதல் வர்த்தக நாள்: நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது. ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை: 5.93 சதவீதம் விழுந்தது. ஜூன் 5: 3.36 சதவீதம் மேலே. இந்த மூன்று நாளை மட்டும் எடுத்து, மீதி 18 நாளும் நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டாலே ரியலைஸ்டு 26-க்கு மேல் வருகிறது. இரட்டிப்பு விலைக்கு விற்றோம் என்று நினைத்தவர் மலிவாக விற்றிருக்கிறார்.

ஜூன் 4 போன்ற நாளை நம் ஸ்ட்ராடிலில் வைத்துப் பாருங்கள். 14-க்கு விற்ற மறுநாளே நிஃப்டி 6 சதவீதம், அதாவது 1,500 புள்ளி விழுந்து, ஐவி 25-க்குப் போகிறது. 800-க்கு விற்ற ஸ்ட்ராடில் 1,830 அருகே நிற்கும். நஷ்டம் ஆயிரம் புள்ளிக்கு மேல், ஒரு லாட்டுக்கு 77,000 ரூபாய் அளவு. மாதத்துக்குச் சராசரி 170 என்ற கணக்கில் இது ஆறு மாத வருமானம். நாள் முடிவில் ஹெட்ஜ் செய்கிறவருக்கும் இதே கதிதான். முந்தைய நாள் முடிவில் டெல்டா பூஜ்யமாக இருந்தது, நகர்வு முழுவதும் அடுத்த நாள் முடிவதற்குள் நடந்துவிட்டது.

அதே ஜூன் 4 மாலை இந்தியா விக்ஸ் 26, 27 அருகே நின்றது. அந்த விலைக்கு விற்றவருக்கு அடுத்த ஒரு மாதத்தில் சுமார் பத்து புள்ளி இடைவெளி மிஞ்சியது, ஜூன் 5-இன் பெரிய ஏற்றத்தையும் சேர்த்தே. பிரீமியம் மிகக் கொழுத்திருப்பது சரிவுக்குப் பிறகுதான். ஆனால் மே மாதத்தில் விற்றவரிடம் அன்று மாலை விற்க மார்ஜின், அதாவது எக்ஸ்சேஞ்ச் கேட்கும் பிணைப் பணம், மிச்சம் இருந்திருக்காது.

5. அப்படியானால் ஏன் கூடுதல் விலை?

மேலே உள்ள கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. சந்தைக்கு எதிர்காலம் தெரியாமல் தவறாக விலை போடுகிறது என்று நினைக்கத் தேவையில்லை. அப்படியிருந்தால் இத்தனை வருடத்தில் யாராவது சரிசெய்திருப்பார்கள். ஆப்ஷன் விற்பவரின் நஷ்டம் வரும் நேரம் அப்படிப்பட்டது. பங்கு விழும்போதுதான் ஏற்ற இறக்கம் கூடும். அன்றைக்கு உங்கள் மியூச்சுவல் ஃபண்டும் விழுந்திருக்கும், எக்ஸ்சேஞ்ச் மார்ஜினையும் உயர்த்தியிருக்கும், கடன் கொடுக்கிறவரும் கையை இழுத்துக்கொண்டிருப்பார். எல்லாப் பக்கமும் பணம் போகும் நாளில் இன்னும் ஒரு நஷ்டத்தைத் தாங்க ஒப்புக்கொள்கிறவர் அதற்குக் கூலி கேட்கிறார். வாங்குகிறவரும் அந்த ஒரு நாளுக்காகவே, சராசரியில் நஷ்டம் என்று தெரிந்தும் கொடுக்கிறார். வீட்டுக்குத் தீ காப்பீடு எடுப்பவர் செய்வதும் இதைத்தான். வித்தியாசம், தீ ஊரில் ஒரு வீட்டைத்தான் பிடிக்கும், பங்குச் சரிவு எல்லா வீட்டையும் ஒரே நாளில் பிடிக்கும். அதனால் விற்பவர் பல பாலிசி விற்று அபாயத்தைப் பரப்பிக்கொள்ள வழியில்லை.

இதனால்தான் இடைவெளி குறியீட்டு ஆப்ஷனில் பெரிதாகவும், தனிப் பங்கின் ஆப்ஷனில் சிறிதாகவும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் பங்கு தன் காரணத்துக்காக ஆடினால் அதைப் பலவற்றோடு கலந்து கரைத்துவிடலாம். எல்லாம் சேர்ந்து விழுவதைக் கரைக்க முடியாது. குறியீட்டில் புட் வாங்க எப்போதும் ஆள் இருக்கிறார்கள்: பங்கைக் கையில் வைத்திருக்கும் ஃபண்டுகள், ஓய்வூதிய நிதிகள். விற்க வருகிறவர்கள் குறைவு.

இந்தியாவில் இதோடு வேறு ஒரு கூட்டமும் சேருகிறது. எக்ஸ்பைரி நாளில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்ஷனை லாட்டரிச் சீட்டு மாதிரி வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு தேவையில்லை, ஐந்து ஐம்பதாக வேண்டும் என்ற ஆசை. விலை 20 சதவீதம் கூடுதலா என்று ஐந்து ரூபாய்ச் சீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கூடுதலும் விற்பவருக்குத்தான் போகிறது.

6. யார் எடுக்கிறார்கள்?

2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021–22 முதல் 2023–24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023–24-இல் மட்டும் செலவுகளைக் கழிக்கும் முன், தன் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். தனிநபர்களும் மற்றவர்களும் இழந்தது 61,000 கோடிக்கு மேல். லாபம் பார்த்த அந்த இரண்டு வகையினரின் லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி வழி வணிகத்தில் வந்தது.

இந்த 61,000 கோடியும் வாலட்டிலிட்டி பிரீமியம் என்று சொல்ல முடியாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஆர்பிட்ரேஜ், வேகம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஆனால் பிரீமியத்தை எடுக்க என்ன வேண்டும் என்று மேலே பார்த்தோமோ, அது அவர்களிடம் இருக்கிறது. நாளில் நூறு முறை மலிவாக ஹெட்ஜ் செய்ய முடியும். ஒரு ஆப்ஷன் விற்றால் இன்னொன்றை வாங்கி வாலை, அதாவது அபூர்வமாக வரும் பெரிய நஷ்டத்தை, கட்டிவைக்க முடியும். ஜூன் 4 மாலையில் விற்க மிச்சப் பணம் இருக்கும்.

பெரிய ஆட்களும் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் விக்ஸ் விழுந்தால் ஏறும் வகையில் எக்ஸ்ஐவி என்ற பத்திரம் ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. 2018 பிப்ரவரி 5-ஆம் தேதி எஸ்&பி 500 விழுந்தது 4.1 சதவீதம்தான். விக்ஸ் 17.3-இலிருந்து 37.3-க்குப் போனது. எக்ஸ்ஐவி ஒரே நாளில் தன் மதிப்பில் 96 சதவீதத்தை இழந்தது, அந்த மாதமே மூடப்பட்டது. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் பொது நிதியை நிர்வகிக்கும் எய்ம்கோ, வாலட்டிலிட்டி விற்கும் உத்திகளில் 2020-இல் சுமார் 210 கோடி கனடா டாலர் இழந்தது. இரண்டு இடத்திலும் பிரீமியம் பொய் இல்லை. விற்ற அளவுதான் கையிருப்புக்கு மிஞ்சியிருந்தது.

7. நீங்கள் கை வைக்கும் முன்

முதல் மூன்று, நான்கு மாதம் விற்காமல் எழுதுங்கள். மாதத் தொடக்கத்தில் ஸ்ட்ராடில் விலை, ஐவி இரண்டையும் குறியுங்கள். தினமும் நிஃப்டி எத்தனை புள்ளி நகர்ந்தது என்பதை எழுதி, மேலே உள்ள சூத்திரத்தில் போடுங்கள். இங்கே விக்ஸுக்குப் பதில் 25,000 ஸ்ட்ரைக்கின் சொந்த ஐவியை எடுங்கள். விக்ஸ் கணக்கில் தூரத்துப் புட்களும் சேர்வதால் அது பொதுவாகக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். விக்ஸுக்கும் ரியலைஸ்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி, நடு ஸ்ட்ரைக்கில் விற்பவர் கைக்கு எட்டவே எட்டாது.

அப்புறம், நஷ்டத்துக்கு எல்லை போட்டே விற்க வேண்டும். 25,000-இல் ஸ்ட்ராடில் விற்றால் 24,000 புட்டும் 26,000 காலும் வாங்கி வைக்கலாம். தூரத்துப் புட்டின் ஐவி 14-ஐவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 190 புள்ளி ஆகும். கையில் நிற்பது 610. எவ்வளவு பெரிய சரிவு வந்தாலும் எக்ஸ்பைரியில் அதிகபட்ச நஷ்டம் 390 புள்ளி, 29,000 ரூபாய் சொச்சம். தூக்கம் வரும்.

விலையையும் பாருங்கள். நிஃப்டி 11 அளவுக்குத்தான் ஆடும் என்றால் அந்த இரண்டு தூரத்து ஆப்ஷனின் மதிப்பு 80 புள்ளிக்குள்தான். 190 கொடுத்தீர்கள். 170 புள்ளி கூடுதலில் 110-க்கு மேல் அங்கேயே போய்விட்டது, மிச்சம் அறுபது. இதில் நான்கு ஆப்ஷனுக்கும் தரகு, விற்றதற்குப் பங்குப் பரிவர்த்தனை வரி, ஒவ்வொன்றிலும் வாங்கும் விற்கும் விலை வித்தியாசம் எல்லாம் கழிய வேண்டும். கூடுதல் விலையின் பெரும்பங்கு யாரும் தாங்க விரும்பாத அந்த வாலில்தான் இருக்கிறது. வாலைக் கட்டினால் கூலியும் குறையும். என்னைக் கேட்டால் இந்த அறுபதுதான் ஒரு தனிநபர் நேர்மையாக எதிர்பார்க்கக்கூடிய எண். யூடியூபில் மாதம் ஐந்து சதவீதம் என்று காட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாலைத் திறந்துவைத்துக் காட்டுகிறார்கள்.

அளவைத் தீர்மானிக்கும்போது மார்ஜினிலிருந்து தொடங்காதீர்கள். புரோக்கர் திரை “உங்களிடம் உள்ள பணத்துக்கு நான்கு லாட் விற்கலாம்” என்று காட்டும். அது இன்றைய மார்ஜின். சரிவு நாளில் அதே நான்கு லாட்டுக்கு மார்ஜின் கூடும், நஷ்டமும் பணத்தைத் தின்றிருக்கும். பணம் போதாவிட்டால் புரோக்கரே உங்கள் நிலையை அன்றைய மோசமான விலையில் முடித்துவிடுவார். எக்ஸ்பைரி நாளில் குறியீட்டு ஆப்ஷன் விற்றவர்களுக்கு 2024 நவம்பர் முதல் செபி கூடுதலாக 2 சதவீத மார்ஜின் வைத்திருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 6 சதவீத நகர்வும் ஐவி இரட்டிப்பும் வந்தால் எத்தனை லாட் வரை உங்களால் தொடர்ந்து வைத்திருக்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் நான்குக்குப் பதில் ஒன்று வரும். சில நேரம் ஒன்றுகூட வராது.

தப்பாகப் போகிறது என்பதை லாப நஷ்டக் கணக்கில் தேடாதீர்கள், அங்கே தாமதமாகத்தான் தெரியும். தினசரி நகர்வைப் பாருங்கள். 220-க்கு விற்றிருக்கிறீர்கள், வாரத்தில் இரண்டு நாள் 300-ஐத் தாண்டுகிறது என்றால் நீங்கள் விற்ற விலை பழையதாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருந்தால் நிஃப்டி பழைய இடத்திலேயே நிற்கும், ஹெட்ஜ் செய்யாத கணக்கில் லாபம்கூடக் காட்டும். அப்படிக் காட்டும் வாரத்தில் லாட்டைக் கூட்டத்தான் தோன்றும்.